கரண்ட் போனதும் ராஸ்பெரி பை தானாக ஒழுங்காக அணைய: 50 ஃபாரட் கெபாசிட்டர் இரண்டு போதுமா?

பொருநைக்கரை:

வீட்டில் ராஸ்பெரி பை 4 ஒன்று இரவு பகலாக ஓடுகிறது. நெக்ஸ்ட்கிளவுட், அதற்கு மரியாடிபி, யூஎஸ்பியில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி. வீட்டு போட்டோ எல்லாம் எஸ்எஸ்டியில் இருக்கின்றன, ஓஎஸ் மட்டும் எஸ்டி கார்டில். இங்கே திருநெல்வேலியில் காற்றும் மழையும் சேர்ந்தால் கரண்ட் தங்காது. சமீபத்தில் அப்படிப் போனபோது கார்டு கெட்டு, பை எழுந்திருக்கவே இல்லை.

கரண்ட் இல்லாத நேரத்தில் அது ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போனது தெரிந்ததும் தானே முறையாக அணைந்துகொண்டால் போதும். கையில் 50 ஃபாரட், 2.7 வோல்ட் சூப்பர் கெபாசிட்டர் இரண்டு இருக்கின்றன. என் திட்டம்: 12 வோல்ட் அடாப்டரிலிருந்து ஒரு பக் மாட்யூல், அதன் வெளியே தொடராகக் கோத்த இரண்டு கெபாசிட்டர், அங்கிருந்து ஒரு பூஸ்ட் மாட்யூல் வழியாகப் பைக்கு 5.1 வோல்ட். பை எப்போதும் கெபாசிட்டர் வழியாகவே ஓடும், மாற்றிவிடும் வேலையே இல்லை.

யூஎஸ்பி மீட்டரில் சும்மா இருக்கும்போது 4 வாட். அணையும்போது சராசரியாக 5.5 வாட், நடுவில் கொஞ்ச நேரம் 7 வரை ஏறுகிறது. `poweroff` கொடுத்ததிலிருந்து பச்சை விளக்கு கடைசியாக மினுக்கி நிற்கும்வரை 19 விநாடி. இது தாங்குமா? கரண்ட் போனது பைக்கு எப்படித் தெரியும்?

மாடிவீடு:

தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு பாடு? ஒரு இன்வெர்ட்டர் போட்டால் ஃபேன், லைட், கம்ப்யூட்டர் எல்லாம் ஓடும். எங்கள் வீட்டில் பத்து வருடமாக ஓடுகிறது. பேட்டரிக்குத் தண்ணீர் மட்டும் பார்த்து ஊற்றினால் போதும்.

பொருநைக்கரை:

வாடகை வீடு சார், இன்வெர்ட்டருக்கு வயரிங் மாற்ற உரிமையாளர் விடமாட்டார். அதோடு இன்வெர்ட்டர் இருந்தாலும் அதன் பேட்டரி தீர்ந்த நிமிடத்தில் பைக்கு இதே கதைதானே? தீரப்போகிறது என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

லினக்ஸ்தம்பி:

கெபாசிட்டரே தேவையில்லை என்பது என் கருத்து. ext4-இல் ஜர்னல் இருக்கிறது. பாதியில் கரண்ட் போனாலும் அடுத்த பூட்டில் ஜர்னலைப் படித்து தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். மரியாடிபியின் இன்னோடிபியும் அப்படித்தான். உங்கள் கார்டு போலியாக இருந்திருக்கும், நல்ல கார்டு வாங்குங்கள்.

வெள்ளீயம்:

லினக்ஸ்தம்பி சொன்னதில் பாதி சரி. ஃபைல் சிஸ்டத்தின் ஒழுங்கை ஜர்னல் காப்பாற்றும். ஆனால் அதற்குக் கீழே எஸ்டி கார்டுக்குள் ஒரு கன்ட்ரோலர் உட்கார்ந்திருக்கிறது. எந்த பிளாக் ஃபிளாஷில் எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை அதுதான் வைத்திருக்கிறது. நீங்கள் 4 கிலோபைட் எழுதச் சொன்னால், அது பெரிய ஒரு பகுதியை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுப் பழையதை அழிக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால், நீங்கள் தொடவே தொடாத பழைய ஃபைலும் சேர்ந்து போகலாம். கார்டு சொல்வதை நம்பித்தான் ஜர்னல் வேலை செய்கிறது. கார்டே தப்பாகச் சொன்னால் அது ஒன்றும் செய்ய முடியாது. நல்ல கார்டில் இது குறைவாக நடக்கும், அவ்வளவுதான்.

இப்போது பொருநைக்கரையின் கணக்கு. 50 ஃபாரட் இரண்டைத் தொடராகக் கோத்தால் 25 ஃபாரட். உச்சம் 5.4 வோல்ட் என்றாலும் அதுவரை ஏற்றாதீர்கள். 4.8-இல் நிறுத்துங்கள், ஆயுள் நன்றாகக் கூடும். கீழே எவ்வளவு வரை இறங்கலாம் என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பூஸ்ட் மாட்யூல் விளம்பரத்தில் 2 வோல்ட்டிலும் ஓடும் என்று போட்டிருக்கும். ஆனால் பைக்கு 7 வாட் கொடுக்க அது உள்ளே சுமார் 8.2 வாட் இழுக்கிறது. 3 வோல்ட்டில் அது 2.7 ஆம்பியருக்கு மேல். கெபாசிட்டரின் உள் மின்தடையும் வயரும் சேர்ந்து 0.1 ஓம் என்றால் அங்கேயே கால் வோல்ட் விழும். விழுந்தால் இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும், இன்னும் விழும், ஒரு நொடியில் சரிந்துவிடும். ஆகவே 3.2 வோல்ட்டைத் தரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

`E = ½ × 25 × (4.8² − 3.2²) = 160` ஜூல். பூஸ்ட் மாட்யூல் 85 சதவீதம் என்றால் 136 ஜூல் பைக்குப் போகும். 5.5 வாட்டில் அது 24 விநாடி.

உங்களுக்கு 19 விநாடி வேண்டும். கரண்ட் சும்மா கண்சிமிட்டியதா, உண்மையிலேயே போனதா என்று பார்க்க 5 விநாடி காத்திருந்தால் மொத்தம் 24. புதிதாக இருக்கும்போதே விளிம்பில் நிற்கிறது. சில வருடத்தில் கொள்ளளவு கால் பங்கு குறைந்தால் 18 விநாடிதான் மிஞ்சும். 100 ஃபாரட் இரண்டு வாங்குங்கள். புதிதில் 49, வயதான பிறகு 37 விநாடி கிடைக்கும்.

இரண்டுக்கும் நடுவில் சமன்செய்யும் சின்ன போர்டு கட்டாயம். 100 என்று எழுதியிருந்தாலும் ஒன்று 90 ஃபாரட்டாகவும் மற்றது 120 ஆகவும் இருக்கலாம். 4.8 வோல்ட் சமமாகப் பிரியாமல், சின்னதன் மேல் 2.74 வந்து உட்காரும். 4.8-இல் நிறுத்தியும் 2.7-ஐத் தாண்டிவிட்டது பாருங்கள்.

யாழ்வளவு:

வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நானும் இப்படி ஒண்டு செய்து வச்சிருக்கிறன், வானிலை பதியிற பை. கரண்ட் முதல் தரம் போகேக்க ஒழுங்கா அணையுது. பிரச்சினை வாறது கரண்ட் திரும்பி வரேக்க. வந்து ஒரு நிமிசம் நிண்டுட்டு திரும்பப் போகும், எங்கட பக்கம் இது வழமை. அந்த ரெண்டாம் தரம் பை பூட் ஆகிக்கொண்டிருக்க அப்படியே செத்துப்போகுது. கெபாசிட்டர் பழுதோ எண்டு கழட்டிப் பார்த்தன், அது நல்லாத்தான் இருக்கு.

வெள்ளீயம்:

அக்கா, உங்கள் கெபாசிட்டர் அப்போது நிரம்பியிருக்காது. நான் சொன்ன 100 ஃபாரட் இரண்டும் தொடராகச் சேர்ந்த 50 ஃபாரட்டை வெறுமையிலிருந்து 4.6 வோல்ட்டுக்கு ஏற்ற 230 கூலும் வேண்டும். 2 ஆம்பியரில் ஏற்றினாலும் ஏறக்குறைய இரண்டு நிமிடம். அரை ஆம்பியர் என்றால் ஏழெட்டு நிமிடம். அதற்குள் பை பூட் ஆகத் தொடங்கினால், பூட் நேரம்தான் அது அதிகம் இழுக்கும் நேரம், ஏறவேண்டியதில் பாதியை அதுவே தின்றுவிடும்.

வழி ஒன்றுதான். கெபாசிட்டர் 4.6 வோல்ட் தொடும்வரை பைக்குக் கரண்டே போகக்கூடாது. 4.6-இல் திறந்து 3.2-இல் மூடும் ஒரு கம்பேரேட்டரோ, ஒரு ஏடிடைனி85-ஓ அந்த வேலையைச் செய்யும். பை எழுந்திருக்க இரண்டு நிமிடம் தாமதமாகும். ஆனால் எழுந்த நொடியிலிருந்தே அணைய வேண்டிய சக்தி கையில் இருக்கும்.

யாழ்வளவு:

அப்ப பூஸ்ட் மாட்யூலின்ர EN காலை அந்தக் கம்பேரேட்டரில இணைச்சா சரிதானே?

வெள்ளீயம்:

அங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. மலிவான பூஸ்ட் மாட்யூல்களில் காயிலும் டயோடும் உள்ளே இருந்து வெளியே நேராகவே போகின்றன. EN-ஐ மூடினால் வோல்டேஜை உயர்த்தும் வேலை மட்டும் நிற்கும். கெபாசிட்டரின் 4.6 வோல்ட், டயோடில் கொஞ்சம் இழந்து, 4.2 அல்லது 4.3 ஆகப் பைக்குப் போய்க்கொண்டே இருக்கும். பை சாகாமல் வாழாமல் தொங்கும். மீட்டரை வெளியே வைத்து, EN-ஐத் தரையில் இணைத்துப் பாருங்கள். பூஜ்யம் வராவிட்டால் அதற்கும் பைக்கும் நடுவில் பி-சேனல் மாஸ்ஃபெட் ஒன்றைச் சுவிட்சாகப் போட்டு, அதைக் கட்டுப்படுத்துங்கள்.

நூல்மில்:

கோவையிலிருந்து. நான் பேட்டரிக் கட்சி. 18650 செல் ஒன்று, 2500 மில்லி ஆம்பியர் மணி, அதற்குள் 9 வாட் மணி, அதாவது 32,000 ஜூலுக்கு மேல் இருக்கிறது. வெள்ளீயம் இவ்வளவு பாடுபட்டுச் சேர்ப்பது 320 ஜூல். நூறு மடங்கு! எங்கள் பகுதியில் கரண்ட் போனால் பத்து, இருபது நிமிடத்தில் வந்துவிடும். பேட்டரி போர்டு இருந்தால் பை அணையவே வேண்டாம். உங்கள் கெபாசிட்டர் முறையில் ஒவ்வொரு சின்னக் கட்டுக்கும் அணைந்து எழ வேண்டும்.

வெள்ளீயம்:

நூல்மில் சொல்வது நியாயம். சின்னச் சின்னக் கட்டுகள் அதிகமென்றால் பேட்டரிதான் நல்லது. என் தயக்கம் இரண்டு. லித்தியம் செல்லை 4.2 வோல்ட்டிலேயே வருடக்கணக்கில் நிறுத்தி, மூடிய பெட்டிக்குள் ஏப்ரல், மே வெயிலில் வைத்தால் அது வேகமாகக் கெடும், யாரும் கவனிக்காத மூலையில் கெடும். 4.05-இல் நிறுத்த முடிகிற போர்டோ, லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லோ ஆனால் பரவாயில்லை. இரண்டாவது, பவர் பேங்க் போர்டுகள் பல, கரண்ட் போகும் கணத்தில் ஒரு நொடியின் பின்னம் வெளியீட்டை விட்டுப் பிடிக்கும். போனுக்கு அது தெரியாது. பை ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

நூல்மில்:

வெப்பம் கெபாசிட்டரையும் பாதிக்கும் அல்லவா? பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்றுதான் அதற்கும் சொல்கிறார்கள்.

வெள்ளீயம்:

ஆமாம், பாதிக்கும். ஆனால் அது கெடும்போது நேரம் குறைந்துகொண்டே வரும், வருடம் ஒருமுறை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். செல் கெடும்போது உப்புகிறது. எந்த ஆபத்தோடு இருக்கச் சம்மதம் என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது.

பொருநைக்கரை:

100 ஃபாரட் இரண்டு, சமன் போர்டோடு வாங்கிவிட்டேன். கரண்ட் போனதைச் சொல்ல, 12 வோல்ட் கோட்டிலிருந்து 33 கிலோ ஓம், 10 கிலோ ஓம் பிரித்து ஜிபிஐஓ 17-க்குக் கொடுத்தேன். கரண்ட் இருக்கும்போது 2.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வருகிறது, பை அதை 1 என்று படிக்கிறது. அடாப்டரைப் பிடுங்கினால் 0 ஆக வேண்டும். ஆகவில்லை. 1 என்றே காட்டிக்கொண்டிருந்து, கடைசியில் பை பட்டென்று போகிறது. ஸ்கிரிப்ட் இது:

```python
from gpiozero import DigitalInputDevice
from subprocess import run
from time import sleep

mains = DigitalInputDevice(17, pull_up=False)
while True:
    mains.wait_for_inactive()
    sleep(5)
    if not mains.value:
        run(["systemctl", "poweroff"])
        break
```

லினக்ஸ்தம்பி:

ஸ்கிரிப்டில் தப்பு தெரியவில்லை. அதை ரூட் உரிமையோடு ஒரு சர்வீஸாக ஓட்டுகிறீர்களா? சாதாரணப் பயனராக ஓடினால் `poweroff` மறுக்கப்படலாம்.

வெள்ளீயம்:

0 என்று படிக்கவே இல்லை என்கிறார், ஆகவே உரிமைக்கு முன்னாலேயே சிக்கல். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு 12 வோல்ட் கோட்டை மீட்டரில் பாருங்கள். 4 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் என்று நினைக்கிறேன்.

பக் மாட்யூலின் உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட்டில் ஒரு பிறவி டயோடு உண்டு. முன்பக்கம் கரண்ட் இல்லாதபோது, கெபாசிட்டர் அந்த டயோடு வழியாகப் பின்னோக்கி 12 வோல்ட் கோட்டுக்குள் வழிகிறது. அங்கே 4.2 வோல்ட் நின்றால் உங்கள் பிரிப்பான் பைக்கு 0.9 காட்டும். பை உறுதியாக 0 என்று எடுத்துக்கொள்ள 0.8-க்குக் கீழே வேண்டும். நடுவில் தொங்குவதால் பழைய 1-ஐயே பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடாப்டருக்கும் பக் மாட்யூலுக்கும் நடுவில் ஒரு ஷாட்கி டயோடு போடுங்கள். 12 வோல்ட் பக்கம் என்பதால் 0.4 வோல்ட் விழுந்தாலும் நஷ்டமில்லை. பிரிப்பானை டயோடுக்கு முன்னால், அடாப்டர் பக்கம் இணையுங்கள். இதே டயோடை 5 வோல்ட் பக்கம் யாரும் போடாதீர்கள். பை 4.63-க்குக் கீழே போனாலே மின்னல் குறி காட்டும், `vcgencmd get_throttled` கொடுத்தால் `0x50000` என்று கறை தெரியும்.

பொருநைக்கரை:

அளந்தேன், 4.3 வோல்ட் நின்றது. டயோடு போட்டதும் அடாப்டர் பக்கம் உடனே விழுகிறது, பை ஐந்தாவது விநாடியில் அணையத் தொடங்குகிறது. மிக்க நன்றி.

ஆனால் புதிதாக ஒன்று. ஒருமுறை அணைய 1 நிமிடத்துக்கு மேல் எடுத்தது, கெபாசிட்டர் தீர்ந்து நடுவிலேயே போனது. அதற்கு முன்னும் பின்னும் 19 விநாடிதான்.

லினக்ஸ்தம்பி:

இது என் ஏரியா. சிஸ்டம்டி ஒரு சர்வீஸை நிற்கச் சொல்லிவிட்டு, அது நிற்காவிட்டால் 90 விநாடி பொறுமையாக இருக்கும். அன்று ஏதோ ஒரு சர்வீஸ் நிற்க மறுத்திருக்கிறது. `/etc/systemd/system.conf`-இல் இதை மாற்றுங்கள்:

```
DefaultTimeoutStopSec=10s
```

இதற்கு மேல் எந்த சர்வீஸும் தாமதிக்க முடியாது.

வெள்ளீயம்:

மாற்ற வேண்டியதுதான், ஆனால் அது எல்லோரையும் கட்டாது. தன் யூனிட் ஃபைலில் தனியாக நேரம் எழுதியிருக்கும் சர்வீஸுக்கு இந்தப் பொது எல்லை பொருந்தாது. மரியாடிபி அப்படிப்பட்ட ஒன்று. பாருங்கள்:

```
systemctl show mariadb -p TimeoutStopUSec
```

டெபியன் பொதியில் 15 நிமிடம் என்று வரும். டேட்டாபேஸுக்கு அது நியாயம்தான், எழுத நிறைய இருக்கும்போது நடுவில் கொல்லக்கூடாது. ஆனால் உங்கள் கையில் இருப்பது 49 விநாடி. `systemctl edit mariadb` கொடுத்து, `[Service]` தலைப்பின் கீழ் `TimeoutStopSec=20s`, `SendSIGKILL=yes` என்று இரண்டு வரி போடுங்கள். 20 விநாடியில் நிற்காமல் கொல்லப்பட்டாலும் இன்னோடிபி தன் பதிவிலிருந்து மீளும், லினக்ஸ்தம்பி முதலில் சொன்னது இங்கே முழுக்கச் சரி. கார்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் கரண்ட் இருக்கும்போதே அது நடப்பதால் கீழ்மட்டம் கெடாது.

ஒழுங்காக அணைந்ததா என்று அறிய, அடுத்த பூட்டில்:

```
sudo sh -c "journalctl -b; cat /run/initramfs/fsck.log" 2>/dev/null | grep -iE "recovery complete|recovering journal"
```

`recovery complete` என்றோ `recovering journal` என்றோ வந்தால் ஃபைல் சிஸ்டம் மூடப்படாமல் போயிருக்கிறது. ஒன்றும் வராவிட்டால் நல்லது. சிஸ்டம்டியின் ஜர்னல் பதிவில் கடைசி வரியைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், டிஸ்க் மூடப்படுவதற்கு முன்பே அந்தப் பதிவு நின்றுவிடும்.

யாழ்வளவு:

இன்னொரு கேள்வி. பை அணைஞ்சுகொண்டிருக்க நடுவில கரண்ட் வந்திட்டா? எனக்கு அப்படி நடந்து, வீட்டில எல்லாம் வெளிச்சம், பை மட்டும் நாள் முழுக்கப் படுத்திருந்தது. அதுக்குப் போற 5 வோல்ட் அறவே நிக்கேல்லை, அதால திரும்ப எழும்ப அதுக்குக் காரணமே இல்லை.

வெள்ளீயம்:

நிறையப் பேர் கடைசியில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கரண்ட் வந்துவிட்டதா என்று ஸ்கிரிப்டில் பார்ப்பதால் தீராது. `poweroff` கொடுத்த பிறகு ஸ்கிரிப்டே உயிரோடு இருக்காது. போர்டுதான் பார்க்க வேண்டும். `config.txt`-இல்:

```
dtoverlay=gpio-poweroff,gpiopin=26
```

பை முழுக்க அணைந்ததும் 26-ஆம் கால் உயரும். `reboot` கொடுத்தால் உயராது, ஆகவே சாதாரண ரீபூட்டுக்குத் தொல்லை இல்லை. அந்தச் சைகை வந்ததும் ஏடிடைனி, பைக்குப் போகும் மாஸ்ஃபெட்டை மூடி, கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 விநாடி மூடியே வைக்க வேண்டும். பிறகு இரண்டு நிபந்தனை: 12 வோல்ட் இருக்க வேண்டும், கெபாசிட்டர் 4.6-ஐத் தாண்டியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் திறக்கலாம்.

12 வோல்ட் நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். சுமை நீங்கியதும் கெபாசிட்டர் வோல்டேஜ் தானாகக் கொஞ்சம் மேலே ஏறும். 4.6-ஐ மட்டும் நம்பினால், கரண்டே இல்லாமல் பை திரும்ப எழத் தொடங்கும், பாதி பூட்டில் சாகும்.

பொருநைக்கரை:

மரியாடிபி நேரம் மாற்றினேன், ஏடிடைனியும் எழுதினேன். பிடுங்கிப் பார்த்ததில் எல்லா முறையும் `recovery` வரி இல்லாமல் எழுந்தது. அணையும் நடுவில் திரும்பச் செருகினாலும் 5 விநாடி இருட்டு, பிறகு பூட். வெறும் கெபாசிட்டரிலிருந்து பை உயிர்பெற ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகிறது, அது பரவாயில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பூஸ்ட் மாட்யூல் 24 மணி நேரமும் ஓடுவதால் தொட்டால் சுடுகிறது, கெபாசிட்டர் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

வெள்ளீயம்:

பக்கத்தில் வைக்காதீர்கள். வயரைத் தடிமனாக்கி, 10 சென்டிமீட்டர் தள்ளி, மாட்யூலுக்குக் கீழ்ப்பக்கம் வையுங்கள், சூடு மேலே போகும். ஓட்டும் முறையிலேயே அந்த நஷ்டம் இருக்கிறது. அதைத் தவிர்க்க வேண்டுமென்றால் பைக்குத் தனியாக ஒரு பக் மாட்யூல் கொடுத்து, கரண்ட் போனால் மட்டும் பூஸ்ட் உள்ளே வரும்படி செய்ய வேண்டும். அப்போது மாற்றிவிடும் இடைவெளியை வேறு சமாளிக்க வேண்டும்.

நூல்மில்:

அதனால்தான் நான் இன்னும் பேட்டரிக் கட்சியிலேயே இருக்கிறேன். ஆனால் அந்த 5 விநாடி மூடிவைக்கும் ஏடிடைனி வேலை என் போர்டுக்கும் வேண்டும். என்னுடையதும் ஒருமுறை யாழ்வளவு சொன்னதுபோல் படுத்தேவிட்டது. பொருநைக்கரை, அந்த நிரலை இங்கே போட முடியுமா?

பொருநைக்கரை:

போடுகிறேன் அண்ணா. பேட்டரிக்கு 4.6, 3.2 என்ற இரண்டு எண்ணையும் மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் செல் எந்த வகை, போர்டு எந்த வோல்ட்டில் வெட்டுகிறது என்று சொல்லுங்கள், அதற்கேற்றபடி எழுதித் தருகிறேன்.